விடியற்காலை 3 மணிப் பயணத்துக்கு முன்கூட்டியே தூங்கி வைப்பது: நெடுநாள் அனுபவம்

நண்பர் கேட்டார்: "சனிக்கிழமை விடியக்காலம் 3 மணிக்குச் சென்னையிலிருந்து திருநெல்வேலிக்குக் கார். நான்தான் ஓட்டணும். முந்தின நாலஞ்சு நாள் நல்லாத் தூங்கி வச்சுக்கிட்டா தாங்குமா?"

தாங்கும். பல வருடமாக இதைச் செய்துவரும் ஆள் என்ற முறையில், பலனைப் பற்றி எனக்குப் புகார் கிடையாது. புகார் எல்லாம் ராத்திரி 9 மணியைப் பற்றித்தான். அதைச் சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதலில் நியாயமாக, பலன். அமெரிக்காவின் வால்டர் ரீட் ராணுவ ஆய்வு நிலையம் 2009-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. 24 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு குழு ஒரு வாரம் தினம் 10 மணி நேரம் படுக்கையில் இருந்தது, மற்றது வழக்கப்படி தூங்கியது. அடுத்த ஏழு இரவுகளும் இரண்டு குழுவுக்கும் வெறும் 3 மணி நேரம்தான். பரிசோதனை எளிமையானது: திரையில் எண் ஓட ஆரம்பித்ததும் பொத்தானை அழுத்த வேண்டும். அரை விநாடிக்கு மேல் தாமதமானால் அது ஒரு தவறல். முன்பே அதிகம் தூங்கியவர்கள் குறைவாகத் தவறினார்கள். பிறகு 8 மணி நேரத் தூக்கம் கொடுத்தபோது சீக்கிரம் பழைய நிலைக்குத் திரும்பியதும் அவர்களே. 100 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் கார் விநாடிக்கு 28 மீட்டர் நகர்கிறது என்பதை நினைத்தால், அந்த அரை விநாடியைச் சும்மா விட முடியாது.

இது உண்மையில் சேமிப்புதானா, பழைய கடன் அடைபட்டதுதானா என்று தூக்க ஆய்வாளர்களுக்குள் இன்னும் வழக்கு இருக்கிறது. ராத்திரி 11.30-க்குப் படுத்து 6-க்கு எழும் நம் ஆட்களுக்கு அந்த வழக்கு தேவையில்லை. ஆறு, ஆறரை மணி நேரமே தூங்குகிறவரில் பெரும்பாலோருக்குக் கடன் நிச்சயம் இருக்கிறது. ஆனால் அது தெரியாது. இரண்டு வாரம் தினம் 6 மணி நேரமே தூங்கியவர்களைச் சோதித்த 2003-ம் வருட ஆய்வில், கவனம் நாளுக்கு நாள் சரிந்துகொண்டே போனது. அவர்களோ சில நாளிலேயே "பழகிவிட்டது" என்கிற மாதிரி உணர ஆரம்பித்தார்கள். "எனக்கு ஆறு மணி நேரம் போதும்" என்று சொல்பவரிடம் ஸ்டீயரிங்கைக் கொடுக்க எனக்குப் பயம்.

இனி 9 மணி.

அதிகம் தூங்கு என்றால் எல்லோரும் முதலில் செய்வது சீக்கிரம் படுப்பது. 11.30-க்குத் தூங்குகிறவர் திடீரென்று 9 மணிக்கு விளக்கை அணைத்துப் படுக்கிறார். புரள்கிறார். ஃபேன் சத்தம் கேட்கிறது, பக்கத்து வீட்டு டிவி கேட்கிறது. 10.30-க்கு எரிச்சலோடு ஃபோனை எடுக்கிறார். 12 ஆகிவிடுகிறது. சேர்க்க நினைத்தவருக்கு நஷ்டம். இதில் அவர் மன உறுதிக்குச் சம்பந்தமே இல்லை. விழித்திருக்கும் நேரம் கூடக் கூடத் தூக்க அழுத்தம் ஏறுகிறது என்பது பாதிக் கதை. ஏறும் அந்த அழுத்தத்துக்கு எதிராக உடலின் கடிகாரம் மாலையில் விழிப்பைத் தூக்கிப் பிடிக்கிறது. வழக்கமாகத் தூங்கும் நேரத்துக்கு முந்தைய இரண்டு மூன்று மணி நேரம் அந்தப் பிடி உச்சத்தில் இருக்கும். 11.30 ஆளுக்கு 8.30 முதல் 10.30 வரை, நாள் முழுவதிலும் தூக்கம் வரக் கடினமான நேரம் அதுதான். மதியம் 2 மணிக்கு நாற்காலியிலேயே சாய்கிற அதே மனிதர், 9 மணிக்கு மெத்தையில் கண் கொட்டாமல் கிடப்பது இதனால்தான்.

சரி, காலையில் அதிகம் தூங்கலாமே என்றால், அது இன்னும் மோசமான பொறி. 6-க்குப் பதில் 8.30 வரை இழுத்துப் போர்த்தித் தூங்கினால் கணக்கில் இரண்டரை மணி நேரம் சேரும். ஆனால் காலை வெளிச்சம் தாமதமாகக் கண்ணில் படுவதால் கடிகாரம் பின்னால் தள்ளிப்போகும். நாலு நாள் அப்படிச் செய்தால், வெள்ளிக்கிழமை ராத்திரி 12.30 வரை தூக்கமே வராது. 2.15-க்கு அலாரம். சேர்த்ததெல்லாம் தேவைப்படும் இரவிலேயே கரைந்துவிடும்.

ஆகவே எழும் நேரம் 6 மணியாகவே இருக்கட்டும். படுக்கும் நேரத்தை மட்டும் தினம் 20 நிமிடம் முன்னுக்குக் கொண்டுவர வேண்டும். ஞாயிறு 11.10, திங்கள் 10.50, செவ்வாய் 10.30, புதன் 10.10, வியாழன் 10 மணி. அதற்கு மேல் இழுக்க வேண்டாம். ஐந்து இரவில் கூடுதலாகச் சேர்வது 4 மணி 50 நிமிடம். அதைவிடப் பெரிய லாபம் வெள்ளிக்கிழமை வரும். இந்த ஏற்பாடு இல்லாவிட்டால் அன்று 11.30-க்குத் தூங்கி 2.15-க்கு எழுந்து, இரண்டே முக்கால் மணி நேரம்தான் கிடைக்கும். கடிகாரம் முன்னால் வந்துவிட்டால் 9.45-க்கே தூங்கலாம், நாலரை மணி நேரம் கிடைக்கும். முன்கூட்டித் தூங்கி வைப்பதன் பாதிப் பயன் இந்த நகர்த்தலில்தான் இருக்கிறது. பலர் இதைக் கவனிப்பதே இல்லை.

நகர்த்துவதற்கு மூன்று வேலை. காலை 6.15-க்கு மொட்டைமாடியிலோ தெருவிலோ அரை மணி நேரம் வெளிச்சத்தில் நிற்க வேண்டும். ஜன்னல் ஓரம் காபி டம்ளரோடு உட்கார்வது கணக்கில் வராது, வீட்டுக்குள் வெளிச்சம் பல மடங்கு குறைவு. இரவில் அதற்கு நேர்மாறு: படுப்பதற்கு இரண்டு மணி நேரம் முன்பிருந்தே ட்யூப்லைட்டை அணைத்துவிட்டு ஒரு மங்கலான மஞ்சள் பல்பு. மூன்றாவது, மாலை காபி. காபியில் உள்ள காஃபீனில் பாதி உடலை விட்டுப் போக ஏறக்குறைய ஐந்து மணி நேரம் ஆகும். 5 மணிக்குக் குடித்த ஃபில்டர் காபியின் பாதி, 10 மணிக்கும் உள்ளேயே உட்கார்ந்திருக்கும். இந்த ஐந்து நாளும் மதியம் 1 மணிக்கு மேல் காபி, டீ இரண்டும் வேண்டாம். வீட்டில் இதைச் சொல்லிப் பாருங்கள், பயணமே வேண்டாம் என்பார்கள்.

மதியத் தூக்கத்திலும் ஜாக்கிரதை தேவை. ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டுவிட்டு 2 முதல் 4.30 வரை தூங்கினால் ராத்திரி அழுத்தமே இருக்காது, அன்றைய 11.10 காலி. 3 மணிக்குள் முடியும் 20 நிமிடத் தூக்கம் பரவாயில்லை. ஒன்று மட்டும் விதிவிலக்கு: 3 மணிக்குக் கிளம்பாமல் ராத்திரி 10 மணிக்கே கிளம்பி விடிய விடிய ஓட்டுவதாக இருந்தால், அன்று மதியம் ஒன்றரை மணி நேரம் நன்றாகத் தூங்குவதுதான் சரி. அன்றைய ராத்திரித் தூக்கம் எப்படியும் இல்லை, கெடுவதற்கு ஒன்றும் கிடையாது.

முதல் இரண்டு நாள் காலையில் முன்பைவிட மந்தமாக இருந்தால் பயப்பட வேண்டாம். நீண்ட தூக்கத்திலிருந்து எழும்போது பலருக்கும் அந்தக் கனம் இருக்கும், முகம் கழுவி வெளியே போனால் கலைந்துவிடும். வேலை செய்கிறது என்பதற்கு அடையாளம் பின்னால் வரும்: புதன், வியாழன் வாக்கில் அலாரத்துக்குப் பத்து நிமிடம் முன்பே விழிப்பு வரும், மதியக் கூட்டத்தில் கொட்டாவி குறையும். அதன்பின் படுத்து அரை மணி நேரத்துக்கு மேல் தூக்கம் வராவிட்டால் எல்லை வந்துவிட்டது என்று பொருள். மேலும் முன்னால் தள்ளி வம்பு செய்யாதீர்கள், கடன் தீர்ந்த பிறகு உடல் அதிகம் வாங்கிக்கொள்ளாது.

இனி இது எதைச் செய்யாது என்பது. விடியற்காலை 3 முதல் 5 வரை உடல் வெப்பமும் விழிப்பும் அடித்தட்டில் இருக்கும். எவ்வளவு தூங்கி வைத்திருந்தாலும் அந்தப் பள்ளம் மறையாது, ஆழம்தான் குறையும். 3 மணிக்குத் தாம்பரத்தில் கிளம்புகிறவருக்கு அது பரனூர் டோலில் தொடங்கி மதுராந்தகம், திண்டிவனம் தாண்டி விழுப்புரம் வரை நீளும். ரோடு நேர்கோடு, எதிர் வண்டி இல்லை, லாரியின் சிவப்பு விளக்கு மட்டும். கடைசியாகத் தாண்டிய ஊர்ப் பலகை எது என்று நினைவில்லை, வண்டி ஓரக் கோட்டின் மேல் ஏறி உறுமியது, தலை ஒரு முறை வெட்டியது: இவற்றில் ஏதாவது ஒன்று நடந்தாலும் விவாதமே இல்லை, நிறுத்த வேண்டியதுதான். ஜன்னலைத் திறப்பது, பாட்டுச் சத்தத்தை ஏற்றுவது எல்லாம் சில நிமிடத்துக்குத்தான். ஒரு காபியைக் குடித்த கையோடு சீட்டைச் சாய்த்து 20 நிமிடம் தூங்குங்கள். காபி வேலை செய்ய ஆரம்பிப்பதும் நீங்கள் எழுவதும் ஏறக்குறைய ஒரே நேரம். எழுந்து பத்து நிமிடம் நடந்துவிட்டு எடுங்கள்.

இரண்டாவது பள்ளம் மதியம் 1 மணிக்கு மேல், மதுரையைத் தாண்டி கோவில்பட்டி வெயிலில். மதுரையில் முழுச் சாப்பாடு சாப்பிட்டுவிட்டு உடனே ஓட்டினால், ஐந்து நாள் ஒழுங்காகத் தூங்கியதெல்லாம் வீண்.

ஆக, தீர்ப்பு. முறை பலிக்கிறது. ஆய்வும் சொல்கிறது, ரோட்டிலும் தெரிகிறது. நீண்ட பயணம் முடிந்த மறுநாளும் ஆள் மனிதனாக இருக்கலாம். இருந்தும் நண்பருக்கு என் பதில்: செய்யாதே. ஐந்து நாள் மாலை காபியை விட்டு, 8 மணிக்கு வீட்டை இருட்டாக்கி, குழந்தைகளை அதட்டி, எல்லாம் செங்கல்பட்டு வரைக்குமான நெரிசலை மிச்சப்படுத்தவா? 5 மணிக்குக் கிளம்பு. விழுப்புரத்துக்கு இரண்டு, இரண்டரை மணி நேரம் தாமதமாகப் போவாய், அவ்வளவுதான். இல்லை, 3 மணிதான் என்று வீட்டில் முடிவாகிவிட்டதென்றால், இன்றைக்கு என்ன கிழமை என்று பார். செவ்வாய் தாண்டிவிட்டதென்றால் தினம் 30 நிமிடமாக நகர்த்து, எழும் நேரத்தைத் தொடாதே, கூடவே ஓட்டத் தெரிந்த இன்னொரு ஆளையும் வண்டியில் ஏற்றிக்கொள்.