சிக்கிய டிஸ்க்: ஈஜெக்ட் கட்டளையா, ஊசித் துளையா, டிரைவைக் கழற்றுவதா?

என் பழைய மடிக்கணினியின் டிவிடி டிரைவுக்குள் ஒரு டிஸ்க் சிக்கிக்கொண்டது. குடும்பப் படங்கள் பதியப்பட்ட, வேறு பிரதி எடுத்துவைக்காத டிஸ்க் அது. பொத்தானை அழுத்தினால் விளக்கு மினுக்கும், உள்ளே "டக்" என்று ஓர் ஒலி கேட்கும், ட்ரே மட்டும் அசையாது. இந்த நிலையில் ஒருவருக்கு மூன்று வழிகள் இருக்கின்றன: கணினியிடமே சொல்லி வெளியே தள்ளச் செய்வது, டிரைவின் முகப்பில் உள்ள ஊசித் துளையில் கம்பியை நுழைத்துத் திறப்பது, திருகைக் கழற்றி டிரைவையே வெளியே எடுப்பது. முதல் இரண்டையும் அன்று செய்து பார்த்தேன். மூன்றாவதை வேறொரு சமயம், வேறு காரணத்துக்காகச் செய்திருக்கிறேன். என் சாய்வு ஊசித் துளையின் பக்கம்தான் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

மென்பொருள் வழியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. விண்டோஸில் டிரைவின் படத்தை வலச்சொடுக்கி Eject என்பதைத் தேர்ந்தால் போதும். லினக்ஸில் டிஸ்க் இன்னும் mount ஆகியே இருந்தாலோ ஏதாவது ஒரு நிரல் பொத்தானைப் பூட்டிவைத்திருந்தாலோ, இந்த மூன்று வரிகள் பெரும்பாலும் வேலையை முடித்துவிடும்:

```
sudo umount /dev/sr0
sudo eject -i off /dev/sr0
sudo eject /dev/sr0
```

அதுவும் பலிக்காவிட்டால் கணினியை மறுதொடக்கம் செய்து, இயங்குதளம் ஏறுவதற்கு முன்பே பொத்தானை அழுத்திப் பார்க்கலாம். பூட்டிவைக்க அந்த நேரத்தில் யாரும் இல்லை. சிக்கலுக்குக் காரணம் பூட்டுதான் என்றால் இந்த வழியை மிஞ்ச வேறொன்றும் இல்லை. கையில் கருவி வேண்டாம், எதுவும் உடையாது.

ஆனால் காரணம் பூட்டா, வேறேதாவதா என்பதை எப்படித் தெரிந்துகொள்வது? அந்த "டக்" ஒலிதான் பதில் சொல்கிறது. மேசைக் கணினியின் டிரைவில் ட்ரேயை ஒரு மோட்டார் பல்சக்கரம் வைத்துத் தள்ளுகிறது. மடிக்கணினியின் மெல்லிய டிரைவில் அப்படி ஒரு மோட்டாரே கிடையாது. ட்ரேயை உள்ளே தள்ளி மூடும்போது ஒரு சிறு கொக்கி மாட்டிக்கொள்கிறது, பின்னால் ஒரு ஸ்பிரிங் அமுங்கி நிற்கிறது. பொத்தானை அழுத்தியதும் டிரைவின் மின்சுற்று, பூட்டு இல்லை என்று பார்த்து, டிஸ்க்கின் சுழற்சியை நிறுத்தி, ஒரு சிறு மின்காந்தத்தின் மூலம் கொக்கியை விலக்குகிறது. அப்போது ஸ்பிரிங் ட்ரேயை ஓரிரு சென்டிமீட்டர் முன்னே தள்ளுகிறது. மிச்சத் தூரத்தை நாம்தான் கையால் இழுக்கிறோம். நாம் கேட்கும் "டக்", அந்தக் கொக்கி விலகும் ஒலி. அது கேட்கவே இல்லையென்றால் கட்டளை கொக்கி வரை போய்ச் சேரவில்லை: பூட்டு, மின்சாரம், பொத்தான் இவற்றில் ஒன்றில் பழுது. ஒலி கேட்டும் ட்ரே வரவில்லையென்றால் கொக்கி தன் வேலையைச் செய்துவிட்டது, வேறேதோ ஒன்று ட்ரேயை உள்ளே பிடித்திருக்கிறது என்று பொருள். என் டிரைவில் நடந்தது இரண்டாவது. ஆகவே Eject கட்டளையைப் பத்து முறை கொடுத்தும் பயன் இல்லாமல் போனதில் வியப்பில்லை.

இந்த இடத்தில்தான் ஊசித் துளை மற்ற வழியைத் தாண்டி நிற்கிறது. இதற்கு மின்சாரம் வேண்டாம் என்பதுதான் எல்லோரும் சொல்லும் சிறப்பு. பொத்தான் பழுதாகியிருந்தாலோ கணினியே உயிரில்லாமல் கிடந்தாலோ அந்தச் சிறப்பு உண்மையில் பெரிதுதான். ஆனால் எனக்குத் தீர்மானமாக அமைந்தது வேறொன்று. மின்காந்தம் கொக்கியை ஒரு நொடிக்கும் குறைவான நேரமே விலக்கி வைக்கிறது. அந்தக் கண நேரத்துக்குள் ஸ்பிரிங் ட்ரேயை வெளியே தள்ளிவிட வேண்டும். தடை ஏதாவது இருந்து ட்ரே தயங்கினால் கொக்கி பழைய இடத்துக்கே வந்து மறுபடி மாட்டிக்கொள்ளும். கம்பியை நுழைத்து அழுத்தும்போதும் விலகுவது அதே கொக்கிதான், ஆனால் நாம் கையை எடுக்கும் வரை அது விலகியே நிற்கும். அந்த அவகாசத்தில் மற்றக் கையால் தடையைக் கவனிக்கலாம். சிக்கிய டிஸ்க்கை எடுப்பதில் பாதி வேலை இந்த அவகாசம்தான்.

செய்முறையில் கவனிக்க வேண்டியவை சில உண்டு. கணினியை முழுமையாக அணைக்க வேண்டும். உறக்க நிலை போதாது. மின் இணைப்பையும், கழற்றக்கூடியதாக இருந்தால் பேட்டரியையும் எடுத்துவிட்டு, அரை நிமிடம் பொறுத்திருப்பது நல்லது. வேகமாகப் படிக்கும் நேரத்தில் டிஸ்க் நிமிடத்துக்குச் சில ஆயிரம் சுற்றுகள் சுழல்கிறது. அந்த வேகத்தில் ட்ரேயைத் திறந்தால் டிஸ்க்கில் வட்டக் கீறல் விழும். அடுத்து, துளை எது என்று தேட வேண்டும். முகப்பில் பொத்தானுக்கும் விளக்குக்கும் அருகே ஒரு மில்லிமீட்டர் சொச்சம் அகலமுள்ள வட்டத் துளைதான் அது. விளக்கின் சிறு சன்னலைத் துளை என்று நினைத்துக் குத்துபவர்கள் உண்டு. டார்ச் அடித்துப் பார்த்தால் உண்மையான துளை உள்ளே இருட்டாகத் தெரியும்.

கம்பிக்கு எளியது ஒரு சாதாரண உலோகப் பேப்பர் கிளிப். பிளாஸ்டிக் உறை போட்ட வண்ணக் கிளிப்பை முதலில் எடுத்தேன், அது துளைக்குள் நுழையவே இல்லை. உறையில்லாத கிளிப்பில் ஒரு காலை நான்கு சென்டிமீட்டர் அளவுக்கு நேராக்கி, மீதியைக் கைப்பிடியாக மடித்தே விட்டேன். பல் குத்தும் குச்சி உள்ளே முறிந்து துளையை அடைத்துவிடும். தையல் ஊசி கூர்மையாக இருப்பதால் கொக்கியைத் தள்ளாமல் பக்கத்தில் வழுக்கிப் போகும். கைபேசியோடு வரும் சிம் ஊசி சில டிரைவ்களுக்குப் போதும், சிலவற்றுக்கு நீளம் பற்றாது. கம்பியை நுழைக்கும் கோணத்திலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. மடிக்கணினியின் விளிம்பு பெரும்பாலும் சரிவாக இருப்பதால், அந்தச் சரிவுக்குச் செங்குத்தாகக் குத்தவே கை போகும். ஆனால் ட்ரே எந்தத் திசையில் வெளியே வருமோ அதற்கு இணையாக, மேசைக்குச் சமமட்டமாக நுழைத்தால்தான் கொக்கியைத் தொடும். கம்பி ஒன்றில் போய் முட்டியதும் மெதுவாக அழுத்திப் பாருங்கள். கல்லைத் தொட்டதுபோல் அசையாமல் நின்றால் இடம் தவறு. ஸ்பிரிங்கைத் தள்ளுவதுபோல் மென்மையாக எதிர்த்துப் பின்வாங்கினால் அதுதான் கொக்கி.

என் கணினியில் அந்த எதிர்ப்பு தெரிந்தது, அழுத்தினேன், ட்ரே இரண்டு மூன்று மில்லிமீட்டர் முன்னே வந்து நின்றுவிட்டது. கம்பியை எடுக்காமல், விளிம்பு இடைவெளியில் டார்ச் அடித்தேன். டிஸ்க்கின் மேல் ஒட்டியிருந்த காகித லேபிள் ஓரத்தில் உரிந்து, சுருண்டு, டிரைவின் மேல்மூடியில் உரசிக்கொண்டிருந்தது. மெல்லிய டிரைவ்களின் மொத்த உயரமே 12.7 அல்லது 9.5 மில்லிமீட்டர்தான், டிஸ்க்குக்கு மேலே ஒரு காகிதச் சுருளுக்குக்கூட இடமில்லை. புகைப்படத் தாளை ஒரு விரல் அகலத்துக்கு வெட்டி, பளபளப்பான பக்கம் கீழே இருக்கும்படி அந்த இடைவெளியில் செருகி, லேபிளின் சுருளை மெல்ல அமுக்கினேன். இடக்கையில் கம்பி அழுத்தியபடியே இருந்தது. முகப்பின் இரு ஓரங்களையும் நகத்தால் சமமாகப் பற்றி இழுத்ததும் ட்ரே சரசரவென்று வந்தது. கம்பியும் கூடவே வந்தது. முகப்பின் ஒரே ஓரத்தைப் பிடித்து இழுத்திருந்தால் அது கழன்று கையோடு வந்திருக்கும், ஏனெனில் அது சில சிறு பிளாஸ்டிக் பற்களில்தான் நிற்கிறது. கத்தியையோ ஸ்குரூ டிரைவரையோ விட்டு நெம்புவதை நான் ஒரு வழியாகவே சேர்க்காததற்கும் காரணம் உண்டு: நெம்பும்போது கொக்கி மாட்டியபடியே இருக்கிறது, விசை முழுவதும் அதன் மேல் விழுகிறது. ஒரு முறை அது முறிந்தால் ட்ரே அதன்பின் மூடி நிற்காது. கம்பியால் திறந்த டிரைவ் வழக்கம்போல மூடிக்கொள்கிறது.

டிரைவைக் கழற்றும் வழிக்கும் ஓர் இடம் உண்டு. பல மாடல்களில் கணினியின் அடியில் டிஸ்க் படம் போட்ட ஒரே ஒரு திருகை எடுத்தால் டிரைவ் முழுதாகப் பக்கவாட்டில் நழுவி வரும். வேறு சிலவற்றில் அடிமூடி முழுவதையும் திறக்க நேரும். டிஸ்க் சரியாக நடுக் குமிழில் அமராமல் சாய்ந்து மேல்மூடியில் இறுகிப்போனாலோ, இரண்டு டிஸ்க்குகள் ஒன்றின்மேல் ஒன்றாக உள்ளே போயிருந்தாலோ, கம்பி கொக்கியை விலக்கினாலும் ட்ரே வராது. அப்போது டிரைவை வெளியே எடுத்து, மேல்மூடியின் சிறு திருகுகளையும் கழற்றுவதே முறை. நான் டிரைவைக் கழற்றியது அதை மாற்றுவதற்காகவே தவிர, டிஸ்க்கை மீட்பதற்காக அல்ல. உள்ளேயே டிஸ்க் உடைந்து போன நிலையை நான் கையாண்டதில்லை. ஆனால் துண்டுகள் லேசர் லென்ஸின் மேல் கிடக்கும்போது ட்ரேயை இழுப்பது அந்த லென்ஸைக் கீறக்கூடும் என்பதால், அங்கே துளையைத் தொடாமல் நேராக இந்த வழிக்கே போவேன். டிஸ்க்கை வாய்போல் விழுங்கும் ஸ்லாட் வகை டிரைவ்களில் பெரும்பாலும் ஊசித் துளையே இருக்காது. அவற்றுக்கு இந்த ஒப்பீடு பொருந்தாது.

டிஸ்க்கை எடுத்தபின் செய்தவை இரண்டே. காலி ட்ரேயை மூன்று முறை மூடித் திறந்து பார்த்தேன்; மூன்று முறையும் பொத்தானுக்கே திறந்தது. லேபிளை முழுவதும் உரிக்கவில்லை, ஏனெனில் பசை இழுக்கும்போது பதிவுப் படலமும் சேர்ந்து உரியக்கூடும், சிடி வகை டிஸ்க்கில் அது மேல்பக்கத்தை ஒட்டியேதான் இருக்கிறது. சுருண்டிருந்த ஓரத்தை மட்டும் கத்தரியால் நறுக்கிவிட்டு, மேல்மூடி திறக்கும் வெளி யூஎஸ்பி டிரைவ் ஒன்றில் போட்டுப் படங்களைப் பிரதி எடுத்துக்கொண்டேன்.