உரக்கிடங்கு மேற்பார்வையாளர் பணி: ஒரே வேலைக்கு இரண்டு விளம்பர வரைவுகள்

கொங்குப் பகுதியில் 60,000 பேர் வாழும் ஒரு நகராட்சியை எடுத்துக்கொள்வோம். நாளொன்றுக்குச் சுமார் 10 டன் மக்கும் குப்பை அதன் உரக்கிடங்குக்கு வருகிறது. அங்கே குவியல் போட்டு, புரட்டி, சலித்து, உரமாக்க வேண்டும். இந்த வேலையைப் பார்த்துக்கொள்ள ஒரு மேற்பார்வையாளர் தேவை. அதற்கு இரண்டு விதமாக விளம்பரம் எழுதலாம்.

முதல் வரைவு இப்படி:

"திடக்கழிவு உரக்கிடங்குக்கு மேற்பார்வையாளர் தேவை. தகுதி: ஏதேனும் ஒரு பட்டம், கணினி அறிவு. பணிகள்: பணியாளர்களை மேற்பார்வையிடுதல், உரம் தயாரிப்பைக் கண்காணித்தல், பதிவேடுகள் பராமரித்தல், மேலதிகாரிகள் இடும் பிற பணிகள். கடின உழைப்பாளிகளுக்கு முன்னுரிமை. தகுதிக்கேற்ற சம்பளம்."

இரண்டாம் வரைவு:

"உரக்கிடங்கு மேற்பார்வையாளர் தேவை. பணி நேரம் காலை 6 முதல் மதியம் 2 வரை. பணிகள்: வரும் ஒவ்வொரு வண்டியையும் எடை போட்டுப் பார்த்து ஏற்றல்; கலந்து வந்த லோடைத் திருப்பி அனுப்பும் அதிகாரம் உண்டு. ஒவ்வொரு குவியலின் வெப்பநிலையையும் தினமும் 3 இடங்களில் அளந்து எழுதுதல். எந்தக் குவியலை எப்போது புரட்டுவது, எதைக் கலப்பது என்று முடிவெடுத்தல். சலிப்புக்கு முன் ஈரம் பார்த்தல். 14 பணியாளர்களின் கையுறை, காலணி, முகமூடி இருப்பைக் கவனித்தல். தகுதி: பத்தாம் வகுப்பு, உரக்கிடங்கு, எருக்குழி, காளான் பண்ணை அல்லது பண்ணை வேலையில் 3 ஆண்டு அனுபவம். தேர்வு குவியல் அருகிலேயே நடக்கும். சம்பளம், பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. விவரம் கீழே."

முதல் வரைவு சிறியது, செய்தித்தாளில் செலவு குறைவு. அதை எந்த ஊர் அலுவலகத்துக்கும் அப்படியே வெட்டி ஒட்டலாம், அதுதான் அதன் கோளாறு. "உரம் தயாரிப்பைக் கண்காணித்தல்" என்ற ஒரு வரிக்குள் இந்த வேலையின் முக்கால் பங்கு ஒளிந்திருக்கிறது. வேலைக்கு வருபவருக்கும் அது தெரியாது, நேர்முகத்தில் கேட்பவருக்கும் என்ன கேட்பதென்று தெரியாது.

அந்த ஒரு வரியை மட்டும் பிரித்துப் பார்க்கலாம். 10 டன் குப்பை ஏறக்குறைய 20 கன மீட்டர் இடம் பிடிக்கும். 3 மீட்டர் அகலம், 1.5 மீட்டர் உயரம் வைத்துக் குவித்தால், ஒரு நாள் வரவு சுமார் 7 மீட்டர் நீளக் குவியலாகும். நான்கு வாரம் குவியலில் இருக்க வேண்டுமென்றால், எந்த நாளில் போனாலும் கிடங்கில் 28 குவியல்கள் வெவ்வேறு வயதில் நிற்கும். மேற்பார்வையாளர் காலையில் இந்த 28-ஐயும் ஒரு சுற்றுப் பார்த்து, இன்று ஜேசிபியை எதன் பக்கம் அனுப்புவது என்று தீர்மானிக்க வேண்டும்.

அதற்கு அவருக்கு ஒரு மீட்டர் நீளக் கம்பி உள்ள டயல் தெர்மாமீட்டரும், சொந்தக் கையும் போதும். நல்ல குவியல் மூன்றாம், நான்காம் நாளில் 55 டிகிரி செல்சியஸைத் தாண்டும். நோய்க்கிருமிகளும் களை விதைகளும் சாக, திறந்த குவியலில் 55 டிகிரிக்குக் குறையாமல் 15 நாள் இருக்க வேண்டும், அதற்குள் குறைந்தது 5 முறை புரட்ட வேண்டும் என்பது பரவலாகப் பின்பற்றப்படும் அளவு. புரட்டுவதால்தான் ஓரத்தில் சூடு படாமல் கிடந்தது நடுவுக்குப் போகும். 70-ஐத் தாண்டினால் உரமாக்கும் நுண்ணுயிர்களே செத்துவிடும். அன்றே புரட்டிச் சூட்டை வெளியேற்ற வேண்டும்.

சூடு ஏறாத குவியல்தான் ஆளின் திறமையைக் காட்டும். நான்காம் நாள் தெர்மாமீட்டர் 40-இல் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். காரணம் இரண்டில் ஒன்றாக இருக்கலாம், இரண்டுக்கும் வைத்தியம் நேர்மாறு. நடுவிலிருந்து ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பிழிந்தால், விரல் இடுக்கில் தண்ணீர் ஒழுகி அழுகிய முட்டை நாற்றம் வந்தால் ஈரம் மிகுதி, காற்றே உள்ளே போகவில்லை. காய்ந்த சருகு கலந்து புரட்ட வேண்டும். பிடித்தது உதிர்ந்து போய், நாற்றமும் இல்லையென்றால் குவியல் காய்ந்துவிட்டது, தண்ணீர் தெளித்துப் புரட்ட வேண்டும். உருண்டையாக நின்று ஒன்றிரண்டு சொட்டு மட்டும் கசிந்தால் அது 50 முதல் 60 சதவீத ஈரம், சரியான பதம். சூடு குறைந்ததைப் பார்த்ததும் பழக்கத்தில் தண்ணீர் குழாயைத் திறந்துவிடுபவர், ஈரக் குவியலை இன்னும் மூழ்கடிப்பார். ஆடிக் காற்றில் இன்னொரு ஏமாற்று உண்டு. பாலக்காட்டுக் கணவாய் வழி வரும் காற்று பல்லடம், உடுமலைப் பக்கம் குவியலின் மேல்தோலை ஒரே நாளில் உலர்த்திவிடும். பார்வைக்கு வறண்டு கிடக்கும், நடுவில் சொதசொதப்பாக இருக்கும். அதனால்தான் இரண்டாம் வரைவு "3 இடங்களில்" என்று சொல்கிறது.

இப்போது ஒரு நாளை முழுதாகப் போட்டுப் பார்ப்போம். ஆயுத பூஜைக்கு மறுநாள். பட்டறை, மில், கடை, லாரி என்று எல்லா இடத்திலும் உடைத்த சாம்பல் பூசணியும், கட்டிய வாழைக்கன்றும் குப்பை வண்டிக்கு வரும். வழக்கமான 10 டன்னோடு இது மட்டும் கூடுதலாக 4 டன் என்று கொள்வோம். அதன் ஈரம் 90 சதவீதம். இதை அப்படியே குவியலில் கொட்டினால் சுற்றிலும் உள்ளதையும் சேர்த்து அழுக வைக்கும்.

கணக்கு இப்படிப் போகும். 4 டன்னில் 3.6 டன் தண்ணீர். 20 சதவீத ஈரமுள்ள தென்னை நார்க்கழிவு 3 டன் சேர்த்தால் அதன் தண்ணீர் 0.6 டன். மொத்தம் 7 டன்னில் 4.2 டன் தண்ணீர், அதாவது 60 சதவீதம். பூசணிக்கு முக்கால் பங்கு எடைக்கு உலர் பொருள் வேண்டும். நார்க்கழிவு இலேசானது, 3 டன் என்றால் பெரிய குவியலாகவே வந்து இறங்கும். அதைப் பூஜை அன்று தேடினால் கிடைக்காது. பொள்ளாச்சிப் பக்கத்து நார் மில்லில் ஒரு வாரம் முன்பே சொல்லிவைக்க வேண்டும். நார்க்கழிவில் கார்பன் மிக அதிகம், நைட்ரஜன் குறைவு, அதனால் தனியாக விட்டால் மெல்லவே மக்கும். நாமக்கல் பக்கத்துக் கோழி எருவைச் சிறிது கலந்தால் தண்ணீர் சேர்க்காமலே அந்தக் குறை தீரும். நார்க்கழிவு கிடைக்காவிட்டால் பூசணியை நசுக்கிச் சரிவான தளத்தில் ஒரு நாள் வடியவிட்டு, வடிநீரைக் கசிவுநீர்த் தொட்டிக்கு விட்டபின் மறுநாள் சேர்க்கலாம். வாழைத்தண்டை மட்டும் துண்டாக்காமல் போடக் கூடாது, அதன் நார் சல்லடை எந்திரத்தின் உருளையில் சுற்றிக்கொள்ளும்.

இதையெல்லாம் முன்கூட்டி யோசித்து வாங்க, மேற்பார்வையாளருக்குச் சிறு தொகை செலவழிக்கும் அனுமதியும் வேண்டும். முதல் வரைவில் அதற்கு இடமே இல்லை. இரண்டாவதும் இதைச் சொல்லவில்லை, சேர்த்திருக்க வேண்டும்.

அதிகாரம் என்ற விஷயத்தில்தான் இரு வரைவுகளும் அடியோடு வேறுபடுகின்றன. காலை 7 மணிக்கு டிரைவர் வந்து, "அண்ணா, இன்னைக்கு ஒரு லோடு எடுத்துக்கங்க, நாளையிலிருந்து பிரிச்சுக் கொண்டாந்துடறோமுங்க" என்பார். மக்கும் குப்பையில் பாலிதீன் பைகளும் டயப்பர்களும் உடைந்த பல்புகளும் கலந்திருக்கும். பையில் முடிச்சுப் போட்டுக் கட்டிய ஈரக்குப்பை காற்றில்லாமல் உள்ளேயே அழுகும். பல்பும் பேட்டரியும் நசுங்கினால் உரத்தில் கனஉலோகம் ஏறும். உரக் கட்டுப்பாட்டு ஆணையின்படி நகரக் கழிவு உரத்தில் ஒரு கிலோவுக்குக் காட்மியம் 5 மில்லிகிராமுக்கும் ஈயம் 100 மில்லிகிராமுக்கும் மேல் இருக்கக் கூடாது. எத்தனை முறை சலித்தாலும் உலோகம் வெளியே வராது. அதைத் தடுக்க ஒரே இடம் வாசல்தான். திருப்பி அனுப்பும் அதிகாரம் எழுத்தில் இல்லாத மேற்பார்வையாளர் அந்த லோடை வாங்கிக்கொள்வார், பின்னால் உரம் விற்கவில்லை என்ற பழியும் அவர் மேலேயே விழும்.

சலிப்புக்கு வருவோம். அதே ஆணை, ஈரம் 15 முதல் 25 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும், குறைந்தது 90 சதவீதம் 4 மில்லிமீட்டர் சல்லடையில் இறங்க வேண்டும் என்கிறது. ஐப்பசி மழையில் நனைந்த உரத்தைச் சலித்தால் சல்லடையின் கண்கள் அடைத்துக்கொள்ளும், பாதி உரம் கழிவோடு வெளியே போகும். புரட்டித் தண்ணீர் தெளித்தபின் மீண்டும் சூடு ஏறினால் உரம் இன்னும் முதிரவில்லை. அதை மூட்டையில் கட்டிக் கொடுத்தால் விவசாயியின் வயலில் போய் மக்கும், பயிரின் நைட்ரஜனை இழுக்கும். ஒரு மஞ்சள் தோட்டத்தில் அப்படி இலை வெளுத்துப் போனால் அந்த ஊரில் அடுத்த ஆண்டு யாரும் வாங்க மாட்டார்கள்.

பதிவேடு பற்றி இரண்டும் பேசுகின்றன. எழுதியது உண்மைதானா என்று பார்க்க ஒரு சோதனை இருக்கிறது. 100 கிலோ ஈரக்குப்பையிலிருந்து ஏறக்குறைய 15 முதல் 20 கிலோ உரம் வரும். மாதம் 300 டன் ஏற்று 120 டன் உரம் என்று எழுதியிருந்தால், மண் கலந்திருக்கிறது அல்லது எடை பொய். தினமும் எல்லாக் குவியலும் 60 டிகிரி என்று ஒரே எண்ணாக இருந்தாலும் தெர்மாமீட்டர் வெளியே எடுக்கப்படவில்லை என்று அர்த்தம்.

தகுதியில் எங்கள் சாய்வு இரண்டாம் வரைவின் பக்கம்தான், ஆனால் முழுதாக இல்லை. பட்டம் கேட்டால், அதே கிடங்கில் பத்து ஆண்டு குவியல் புரட்டிய தூய்மைப் பணியாளர் விண்ணப்பிக்கவே முடியாது. நாற்றத்தை வைத்தே கோளாறைச் சொல்லக் கூடியவர் அவர். மறுபக்கம், கலவைக் கணக்குப் போடவும் எடைமேடைக் கணினியில் பதியவும் கொஞ்சம் எழுத்து வேலை தெரிய வேண்டும். பத்தாம் வகுப்பும் குவியல் அருகில் ஒரு தேர்வும் இந்த இரண்டையும் பார்த்துவிடும். தேர்வுக்கு மூன்று குவியல்கள் போதும்: ஒன்று நனைந்தது, ஒன்று காய்ந்தது, ஒன்று சரியானது. தெர்மாமீட்டரைக் கையில் கொடுத்து, எதற்கு என்ன செய்வீர்கள் என்று கேட்டால் அரை மணியில் ஆள் தெரிந்துவிடும்.

இரண்டு வரைவிலும் விடுபட்ட ஒன்று உயிர் சம்பந்தப்பட்டது. கசிவுநீர்த் தொட்டியில் அடைப்பு வந்தால் ஒருவரைக் கீழே இறக்கிச் சுத்தம் செய்யச் சொல்வது பல இடங்களில் பழக்கம். மூடிய தொட்டியில் ஹைட்ரஜன் சல்பைடு சேர்ந்திருக்கும். அளவு கூடும்போது மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது, அடுத்த மூச்சில் மயக்கம். காப்பாற்ற இறங்கும் இரண்டாவது ஆளும் விழுவார். ஆகவே பணிப் பட்டியலில் இந்த வரியும் வேண்டும்: "தொட்டிக்குள் யாரையும் இறக்கக் கூடாது, அடைப்பை வெளியிலிருந்து பம்பாலும் உறிஞ்சு வண்டியாலும் மட்டுமே நீக்க வேண்டும். மீறி உத்தரவிடும் யாருக்கும் மேற்பார்வையாளர் மறுப்புச் சொல்லலாம்."