விலைப்பட்டியல் ஷீட் யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள்

கடை, சிறு நிறுவனம் வைத்திருப்பவர்கள், கூகுள் ஷீட் வேலையை வெளியாட்களிடம் கொடுத்திருந்தால் இதைப் படித்துவிடுங்கள். எங்கள் ஹார்டுவேர் கடையில் நடந்ததைச் சொல்கிறேன்.

கம்பெனிகள் அனுப்பும் விலையை எல்லாம் ஒரு ஷீட்டில் ஏற்றித் தருவது ஒரு சேவை நிறுவனத்தின் பொறுப்பு. எங்கள் கொட்டேஷன் ஷீட் அதிலிருந்து விலையை இழுத்துக்கொள்ளும். அவர்கள் போட்டுக் கொடுத்த ஃபார்முலா இது:

```
=IFERROR(IMPORTRANGE("ஃபைல் லிங்க்","Rates!A2:D"),"")
```

அந்த நிறுவனத்தில் எங்கள் ஷீட்டைப் பார்த்துக்கொண்டிருந்த பையன் வேலையை விட்டுப் போனான். பைப் விலை ஏறிய பிறகும் எங்கள் கொட்டேஷனில் பழைய விலையே வந்தது. எர்ரர் எதுவும் இல்லை, எல்லாக் கட்டத்திலும் எண்கள் ஒழுங்காக நின்றன. ஒரு கட்டட மேஸ்திரிக்குப் பழைய விலையில் சரக்கு கொடுத்து, வித்தியாசத்தை நாங்கள் ஏற்ற பிறகுதான் விஷயமே வெளிவந்தது.

கேட்டதற்கு, "உங்க பக்கம் நெட் பிரச்சினை சார், பிரவுசரை க்ளியர் பண்ணிப் பாருங்க" என்றார்கள். IMPORTRANGE ஷீட் திறந்திருக்கும்போது ஏறக்குறைய மணிக்கு ஒருமுறை மூல ஃபைலைப் பார்க்கும். அதனால் கொஞ்ச நேரத் தாமதம் இருக்கலாம். வாரக்கணக்கில் பழைய விலை நின்றால் அது நெட் கோளாறு இல்லை.

உண்மையில் நடந்தது வேறு. மூல ஃபைல் அந்தப் பையனின் சொந்த ஜிமெயிலில் இருந்தது. சொந்தக் கணக்கிலிருந்து நிறுவனக் கணக்குக்கு உரிமையை நேரடியாக மாற்ற முடியாததால், அவன் போகும்போது ஒரு காப்பி எடுத்துக்கொண்டார்கள். காப்பி என்றால் புது ஃபைல், புது ஐடி. விலையைப் புதியதில் ஏற்றினார்கள். எங்கள் ஃபார்முலா பழையதையே படித்துக்கொண்டிருந்தது. பழைய ஃபைல் உயிரோடு இருந்ததால் எர்ரரும் வரவில்லை.

இதைக் கண்டுபிடிப்பது சுலபம். லிங்க்கில் `/d/` என்பதற்கும் `/edit` என்பதற்கும் நடுவில் இருக்கும் நீண்ட எழுத்துக் கோவைதான் ஐடி. அவர்கள் இப்போது பயன்படுத்தும் ஃபைலின் ஐடியையும் உங்கள் ஃபார்முலாவில் உள்ளதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வேறாக இருந்தால் கதை முடிந்தது. காப்பி எடுக்காமல், சொந்த ஜிமெயில் கணக்குகளுக்குள்ளோ ஒரே நிறுவனத்தின் கணக்குகளுக்குள்ளோ முறைப்படி உரிமையை மாற்றினால் ஐடி மாறாது.

சண்டை போட்ட பிறகு புது லிங்க் போட்டுக் கொடுத்தார்கள். அவர்களிடமிருந்து ஒரு பெண் வந்து, இரண்டு ஃபைல்களையும் இணைக்க அனுமதி தரும் `Allow access` பொத்தானை அழுத்தினார். கொஞ்ச நாள் ஓடியது. அப்புறம் அந்த ஃபைலை வேறொருவர் பெயருக்கு மாற்றி, அந்தப் பெண்ணைப் பகிர்வுப் பட்டியலிலிருந்தே எடுத்துவிட்டார்கள். அனுமதி கொடுத்தவர் மூல ஃபைலிலிருந்து நீக்கப்பட்டால், அவர் கொடுத்த இணைப்பும் அதோடு போகும். உரிமை மாறியது மட்டுமே காரணம் இல்லை. பழையவரை வெளியேற்றியதுதான் காரணம்.

இந்த முறை விலைக் கட்டங்கள் வெறுமையாகிவிட்டன. எர்ரர் வந்தால் மறைத்துவிடு என்று IFERROR சொல்லியிருக்கிறதே! கூட்டுத்தொகையில் அந்த வரிகள் பூஜ்ஜியமாகச் சேர்ந்தன. ஒரு வெற்றுக் கட்டத்தில் IFERROR இல்லாமல் IMPORTRANGE-ஐ மட்டும் அடித்தேன். `#REF!` வந்தது. மேலே சுட்டியை வைத்ததும், அந்த ஷீட்டைப் பார்க்க அனுமதி இல்லை என்று கூகுளே சொன்னது.

இதைச் சரிசெய்ய "ரீ-லிங்க்கிங் கட்டணம்" என்று ஒரு பில் அனுப்பினார்கள் பாருங்கள், அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. மூல ஃபைலை எங்கள் கடை ஜிமெயிலுக்குப் பகிரச் சொல்லி, அந்தக் கணக்கிலிருந்தே ஃபார்முலாவைத் தனியாக அடித்து `Allow access` அழுத்தினேன். விலை வந்துவிட்டது. IFERROR உள்ளே இருந்தால் அந்தப் பொத்தானே கண்ணில் படாது, அதனால் முதலில் அதை எடுத்துவிட வேண்டும்.

இப்போது மூல ஷீட்டின் ஒரு மூலையில் விலை ஏற்றிய தேதியைக் கையால் அடிக்கச் சொல்லியிருக்கிறேன். அந்தக் கட்டத்தையும் எங்கள் கொட்டேஷனின் தலைப்பில் இழுத்து வைத்திருக்கிறோம். அங்கே `NOW()` போடவிடாதீர்கள். யாரும் விலையைத் தொடாவிட்டாலும் அது புதுத் தேதியைக் காட்டும். IFERROR-இல் வெற்று மேற்கோளுக்குப் பதில் "விலை வரவில்லை" என்று எழுதிவிட்டோம்.

இதே மாதிரி யாரிடமாவது மாட்டியிருந்தால், அவர்களோடு பேச்சுவார்த்தை சரியாக இருக்கும்போதே உங்கள் கணக்கில் நுழைந்து மூல ஃபைலை `Make a copy` செய்துகொள்ளுங்கள். காப்பிக்கு உரிமையாளர் நீங்கள்தான். இனி விலையை அதில்தான் ஏற்ற வேண்டும் என்று சொல்லி, அவர்களுக்கு எடிட் அனுமதி மட்டும் கொடுங்கள். ஃபார்முலாவில் புது ஐடியை மாற்ற மறக்காதீர்கள். பகிர்வு போன பிறகு காப்பி எடுக்க முடியாது. பார்வை அனுமதி உள்ளவர்களுக்கு காப்பி எடுப்பதை அவர்கள் முடக்கி வைத்திருக்கவும் வாய்ப்புண்டு, அதனால் கடைசி பில்லைக் கட்டுவதற்கு முன்பே எடுத்துப் பார்த்துவிடுங்கள்.