சம்பளத் தேதி, கடன், ஆண்டு முடிவு: எது முதலில் உண்மையைச் சொல்லும்?

2018 செப்டம்பர் முதல் வாரத்தில் ஜெட் ஏர்வேஸ் தன் விமானிகளுக்கும் பொறியாளர்களுக்கும் உயர் அதிகாரிகளுக்கும் ஒரு தகவல் அனுப்பியது. ஆகஸ்ட் சம்பளம் மொத்தமாக வராது, பாதி 11-ம் தேதி, மீதி 26-ம் தேதி என்றது அந்தத் தகவல். ஜெட்டின் கடைசி விமானம் பறந்தது 2019 ஏப்ரல் 17 அன்று. நடுவில் ஏழு மாதம். அந்த ஏழு மாதமும் ஜெட் பங்கு சந்தையில் கைமாறிக்கொண்டேதான் இருந்தது. புது முதலீட்டாளர் வருகிறார் என்று செய்தி வரும்போதெல்லாம் வாங்குவதற்கு ஆள் இருந்தார்கள்.

ஒரு நிறுவனம் நன்றாக இருக்கிறதா என்று பார்க்க நம்மிடம் மூன்று வழி இருக்கிறது. ஆண்டு லாப நஷ்ட முடிவைப் படிக்கலாம், கடனைப் பார்க்கலாம், சம்பளம் நேரத்துக்கு வருகிறதா என்று விசாரிக்கலாம். எல்லாரும் இதே வரிசையில்தான் பார்க்கிறார்கள், நானும் பல வருடம் அப்படித்தான் பார்த்தேன். ஜெட்டின் கணக்கையும், அதற்கு நாலு வருடம் முன்னால் ஸ்பைஸ்ஜெட்டுக்கு நடந்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த பிறகு அந்த வரிசையை மாற்றிக்கொண்டேன்.

முதலில் ஆண்டு முடிவு. 2015-16-ல் ஜெட் ஆயிரம் கோடி ரூபாய்க்கு மேல் லாபம் காட்டியது. அடுத்த ஆண்டும் லாபம்தான். 2017-18-லும் முதல் மூன்று காலாண்டுகளில் சிறிய அளவில் லாபம் வந்தது. அப்புறம் 2018 மே மாதம் நான்காவது காலாண்டு முடிவு வெளியானது: அந்த மூன்றே மாதத்தில் சுமார் 1,036 கோடி நஷ்டம். முந்தைய ஒன்பது மாத லாபமெல்லாம் அதில் கரைந்து, ஆண்டு மொத்தமாக 767 கோடி நஷ்டத்தில் முடிந்தது.

இதைப் படித்தவர் என்ன நினைத்திருப்பார்? கச்சா எண்ணெய் விலை ஏறிவிட்டது, ரூபாய் சரிந்துவிட்டது, விமான நிறுவனம் என்றால் இப்படி ஏற்ற இறக்கம் இருக்கத்தானே செய்யும் என்று நினைத்திருப்பார். அதில் தப்பும் இல்லை. 2015-16-ன் பெரிய லாபமே பெருமளவு எண்ணெய் மலிவாகக் கிடைத்ததால் வந்தது. லாப நஷ்டக் கணக்கு அந்த ஆண்டின் வெயிலையும் மழையையும் சேர்த்துத்தான் காட்டும். நிலத்தின் தரத்தை மட்டும் பிரித்தெடுக்க அதில் வழி குறைவு. அதனால்தான் ஒரே ஒரு ஆண்டு முடிவை வைத்து நான் எந்த முடிவுக்கும் வருவதில்லை.

ஆனால் முடிவு எப்போது வருகிறது என்பது வேறு விஷயம். காலாண்டு முடிவை 45 நாளுக்குள்ளும், ஆண்டு முடிவை 60 நாளுக்குள்ளும் வெளியிட வேண்டும் என்பது செபி விதி. 2018 ஆகஸ்ட் 9 அன்று ஜெட் இயக்குநர் குழு ஜூன் காலாண்டு முடிவை ஏற்கக் கூடியது, ஆனால் முடிவைத் தள்ளிவைத்துவிட்டது. கெடு ஆகஸ்ட் 14. முடிவு வந்தது 27-ம் தேதி, சுமார் 1,323 கோடி நஷ்டத்தோடு. அந்த எண்ணைவிட தள்ளிவைத்த செய்திதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. எண் கெட்டுப்போவதற்குப் பத்து காரணம் இருக்கலாம். கணக்கை மேசையில் வைக்க முடியாமல் போவதற்கு அவ்வளவு காரணம் கிடையாது.

கடன் இதற்கு நேர் எதிர். அது ரொம்ப சீக்கிரமே சொல்லிவிடும். லாபம் காட்டிய ஆண்டுகளிலேயே ஜெட்டின் நிகர மதிப்பு பூஜ்யத்துக்குக் கீழேதான் இருந்தது. அதாவது எல்லாச் சொத்தையும் கணக்கில் உள்ள விலைக்கே விற்றாலும் கடன்காரர்களுக்குக் கொடுத்து முடிக்க முடியாது. 2018-ல் கடன் எட்டாயிரம் கோடிக்கு மேல். இதை மட்டும் வைத்து விலகியிருந்தவர் காப்பாற்றப்பட்டிருப்பார், சரி. ஆனால் அவர் நடுவில் பங்கு பல மடங்கு ஏறியதைப் பார்த்து, தான் நினைத்தது தப்போ என்று சந்தேகப்பட்டும் இருப்பார்.

கடனில் நான் இப்போது மொத்தத் தொகையைப் பார்ப்பதில்லை. இரண்டு இடம் பார்க்கிறேன். ஒன்று, வட்டி. வட்டிக்கும் வரிக்கும் முந்தைய லாபத்தை வட்டிச் செலவால் வகுத்தால் போதும். லாபம் 90 கோடி, வட்டி 120 கோடி என்றால் விடை 0.75. வட்டியில் கால் பங்கை எங்கிருந்தாவது புரட்டித்தான் கட்ட வேண்டும், அது அனேகமாக இன்னொரு கடனாகத்தான் இருக்கும். இரண்டு, அடுத்த பன்னிரண்டு மாதத்தில் திருப்பிக் கட்ட வேண்டிய தவணை. பேலன்ஸ் ஷீட்டுக்கான குறிப்புகளில் குறுகிய காலக் கடன் என்ற தலைப்பின் கீழே, நீண்ட காலக் கடனில் இந்த ஆண்டு கட்ட வேண்டிய பகுதி என்று தனி வரியாக இது வரும். ரொக்க இருப்பு பேலன்ஸ் ஷீட்டின் சொத்துப் பகுதியில் இருக்கும். இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள். ஜெட்டுக்கு 2018 டிசம்பரிலிருந்து 2019 மார்ச் வரையிலான நாலு மாதத்தில் மட்டும் சுமார் 1,700 கோடி கட்ட வேண்டியிருந்தது. டிசம்பர் 31 தவணையைக் கட்ட முடியவில்லை. இரண்டு நாளில் அதன் கடனுக்கான தர மதிப்பீடு, கட்டத் தவறியவர் என்று பொருள்படும் ‘D’-க்கு இறங்கியது.

இப்போது ஸ்பைஸ்ஜெட். 2014-ல் அது சென்னையின் கலாநிதி மாறன் குழுமத்திடம் இருந்தது. 2013-14-ல் சுமார் ஆயிரம் கோடி நஷ்டம், நிகர மதிப்பு பூஜ்யத்துக்குக் கீழே, டிசம்பரில் சம்பளம் தாமதம், எண்ணெய் நிறுவனங்கள் கடனுக்கு எரிபொருள் தர மறுத்ததால் டிசம்பர் 17 அன்று விமானங்கள் பல மணி நேரம் தரையில் நின்றன. மூன்று அறிகுறியும் சிவப்பு. ஆனாலும் அது பிழைத்தது. 2015 தொடக்கத்தில் அதைத் தொடங்கியவர்களில் ஒருவரான அஜய் சிங் கைக்கு வந்து, 2015-16-ல் லாபத்துக்குத் திரும்பியது.

அப்படியானால் வித்தியாசம் எங்கே? ஸ்பைஸ்ஜெட்டின் கடன் ஜெட்டினுடையதைவிடப் பல மடங்கு சிறியது. புதிதாகப் பணம் போட வருபவருக்குத் தன் பணம் பழைய வங்கிக் கடனை அடைக்கப் போகாமல் விமானத்தை ஓட்டப் போகும் என்ற நம்பிக்கை இருந்தது. அதே சமயத்தில் எண்ணெய் விலையும் பாதியாக விழுந்தது. ஜெட்டுக்கு எட்டாயிரம் கோடியைத் தாண்டித்தான் எந்த முதலீட்டாளரும் உள்ளே வர வேண்டியிருந்தது. அதனால் நான் இப்படிப் பிரித்துக்கொள்கிறேன்: சம்பளத் தாமதம் பணம் தீர்ந்துவிட்டது என்பதைச் சொல்லும், மறுபடி பணம் வருமா என்பதைக் கடன்தான் சொல்லும்.

சம்பளத்துக்கு வருவோம். மூன்றில் இதுதான் பொய் சொல்ல மிகக் கடினமானது. லாபத்தைக் கணக்கு முறையால் கொஞ்சம் நகர்த்தலாம், கடனைத் துணை நிறுவனத்தில் வைக்கலாம், சம்பளம் வங்கிக் கணக்கில் விழுந்ததா இல்லையா என்பதை ஒன்றும் செய்ய முடியாது. தாமதம் தொடங்கும் இடமும் பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும். ஜெட்டில் முதலில் கை வைத்தது அதிகச் சம்பளக்காரர்களிடம். கொஞ்சம் பேரைத் தள்ளிவைத்தாலே பெரிய தொகை மிச்சமாகும், கவுன்டரில் நிற்கும் ஊழியருக்கு நேரத்துக்குச் சம்பளம் போனால் வெளியில் பேச்சும் எழாது. எனவே கீழ்மட்ட ஊழியர் ஒருவர் எங்களுக்கு ஒழுங்காக வருகிறதே என்று சொன்னால் அதோடு விட்டுவிட வேண்டாம்.

வெளியில் இருப்பவர் இதை எப்படித் தெரிந்துகொள்வது? ஆண்டறிக்கையிலேயே இரண்டு தடயம் இருக்கிறது. ஆடிட்டர் அறிக்கையின் பின்னிணைப்பில் (vii) என்ற பத்தியில், பி.எஃப்., இ.எஸ்.ஐ., வரி போன்றவை ஒழுங்காகக் கட்டப்பட்டனவா, ஆறு மாதத்துக்கு மேல் பாக்கி உண்டா என்று எழுதியிருப்பார்கள். பொதுவாக ஒழுங்காகக் கட்டப்படுகிறது என்றுதான் இருக்கும். சில நிகழ்வுகளில் தாமதம் என்று மாறினால் அங்கேயே நிறுத்திப் படிக்க வேண்டும். அடுத்த தடயம், குறிப்புகளில் வரும் ஊழியர்களுக்குக் கொடுக்க வேண்டிய தொகை. ஆண்டு ஊழியர் செலவு 120 கோடி என்றால் மாதம் 10 கோடி. மார்ச் சம்பளம் ஏப்ரலில்தான் போகும் என்பதால் மார்ச் 31 அன்று சுமார் 10 கோடி பாக்கி இருப்பது இயல்பு. போனஸ் சேர்ந்தால் இன்னும் கொஞ்சம் கூடும். போன வருடம் 11 கோடியாக இருந்தது இந்த வருடம் 27 கோடி ஆனால், கிட்டத்தட்ட ஒன்றரை மாதச் சம்பளம் கூடுதலாகத் தேங்கி நிற்கிறது என்று அர்த்தம்.

ஆண்டறிக்கைக்குக் காத்திருக்க வேண்டாம் என்றால் இ.பி.எஃப்.ஓ. தளத்தில் Establishment Search என்ற பக்கம் இருக்கிறது. நிறுவனப் பெயரைப் போட்டுத் தேடி, பணம் கட்டிய விவரத்தைத் திறந்தால், எந்த மாதச் சம்பளத்துக்கான பி.எஃப். எந்தத் தேதியில் வந்தது, எத்தனை பேருக்கு என்று வரிசையாகக் காட்டும். கெடு அடுத்த மாதம் 15-ம் தேதி. உள்நுழையத் தேவையில்லை, யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

இதற்கும் எல்லை உண்டு. சொந்தமாக பி.எஃப். அறக்கட்டளை வைத்திருக்கும் பெரிய நிறுவனங்களின் தொகை இங்கே இப்படித் தெரியாது. ஒப்பந்தத் தொழிலாளர்கள் ஒப்பந்தக்காரரின் பெயரில் இருப்பார்கள். அரசு பில் வர வேண்டிய சாலைக் கட்டுமான நிறுவனத்தில் ஒரு மாதத் தாமதம் பில் வந்ததும் சரியாகிவிடலாம். மறுபக்கமும் இருக்கிறது. 2009 ஜனவரியில் மென்பொருள் நிறுவனமான சத்யத்தின் மோசடி வெளியானபோது, கணக்கில் காட்டியிருந்த 5,361 கோடி ரொக்கத்தில் 5,040 கோடி இல்லவே இல்லை என்று அதன் தலைவரே எழுதிக் கொடுத்தார். அதுவரை முடிவுகள் லாபத்தில்தான் இருந்தன, கவலைப்படும்படி கடனும் காட்டப்படவில்லை. இல்லாத பணத்தைப் பிடிக்க இந்த மூன்று வழியும் போதாது.

போன வருடம் என் சித்தி மகளுக்குக் கோவைப் பக்கம் பட்டியலிட்ட ஒரு நிறுவனத்தில் வேலை கிடைத்தது. சித்தப்பா அதே நிறுவனத்தில் கொஞ்சம் பங்கும் வைத்திருந்தார். “லாபத்துலதானே இருக்கு, சேரட்டுமா?” என்று கேட்டார். சாப்பிட்டு முடித்துவிட்டு இருவரும் அந்த இ.பி.எஃப்.ஓ. பக்கத்தைத் திறந்தோம். பணம் வந்த தேதி முதலில் 14, 15, 15 என்று இருந்தது. அடுத்த மாதம் 22. அதற்கடுத்த மாதத் தொகை வரவே இல்லை. பிறகு இரண்டு மாதத்துக்கும் சேர்த்து ஒரே நாளில் வந்திருந்தது. ஊழியர் எண்ணிக்கை 812-லிருந்து 640-க்கு இறங்கியிருந்தது. ஆண்டறிக்கையை எடுத்தோம். லாபம் இருந்தது உண்மைதான், ஆனால் வட்டியோடு வைத்துப் பார்த்தால் 1.1 மடங்குதான், பன்னிரண்டு மாதத்தில் கட்ட வேண்டிய தவணையில் ஐந்தில் ஒரு பங்குகூட ரொக்கம் இல்லை. சித்தப்பா திரையையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். “அந்த 172 பேரும் எங்கப்பா போனாங்க?” என்று கேட்டார். மறுநாள் காலை அவள் சேரவில்லை என்று பதில் அனுப்பினாள், அவர் பங்கை விற்றார்.