போத்தல் கூலரின் அடியில் இருந்த கம்பளி: ஆறு வருட அனுபவம்

ஹட்டன் பக்கத்தில் ரோட்டோரமாக எங்களுக்கு ஒரு சின்னக் கடை. முன்பக்கம் மளிகை, பின்பக்கம் ரொட்டியும் தேத்தண்ணியும். 2019இல் ஒரு கண்ணாடிக் கதவு போத்தல் கூலர் வாங்கினோம். சோடா, தயிர், யோகட் எல்லாம் அதில்தான். இன்றும் அதே கூலர்தான் ஓடுகிறது, ஆனால் உள்ளே இருக்கும் கம்பிரசர் இரண்டாவது. முதலாவது எப்படிப் போனது என்பதைத்தான் எழுத வந்தேன்.

இந்த மாதிரிக் கூலருக்கு கண்டென்சர் காயில் அடிப்பகுதியில், முன் கிரில்லுக்குப் பின்னால் இருக்கும். செப்புக் குழாயைச் சுற்றி மெல்லிய அலுமினியத் தகடுகள், அதன் பின்னால் ஒரு விசிறி, அதற்கும் பின்னால் கம்பிரசர். பெட்டிக்குள் இருந்து எடுத்த சூட்டை வெளியே தள்ளுகிற இடம் இதுதான். விசிறி தரையோரக் காற்றை முன்னாலிருந்து இழுப்பதால், கடையில் கூட்டிப் பெருக்கும் தூசி முழுவதும் நேராக அங்கேதான் போகும். எங்கள் கடையில் அதோடு கோதுமை மாவும் ரொட்டிக் கல்லின் எண்ணெய்ப் புகையும் சேர்ந்துவிடும். மூடுபனிக் காலத்தில் ஈரமும் ஏறினால் தூசி, தூசியாக இருக்காது, கம்பளி மாதிரி ஒட்டிப் பிடித்துக்கொள்ளும்.

ஆரம்பத்தில் எனக்கு இது எதுவும் தெரியாது. கூலருக்குள் சோடா ஜில்லென்று இருந்தது, அது போதும் என்று நினைத்தேன். மலைநாட்டில் ஏமாறுவது இங்கேதான். கொழும்பில் காயில் அடைத்தால் கொஞ்ச நாளிலேயே சோடா சூடாகிக் காட்டிக்கொடுத்துவிடும். இங்கே வெளிக்காற்றே குளிர் என்பதால் பாதி அடைத்த காயிலும் எப்படியோ சமாளிக்கும், போத்தலும் குளிரும். அந்தச் சமாளிப்பில் கம்பிரசர் கூடுதல் நேரம் ஓடுவது பில்லில்தான் தெரியும். இன்னொன்று, ஏறக்குறைய 1,270 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட எட்டில் ஒரு பங்கு குறைவு. விசிறி அதே வேகத்தில் சுற்றினாலும் தள்ளுகிற காற்று கொஞ்சம் கம்மி. குளிர் அதை ஈடுகட்டிவிடும், தூசியும் சேர்ந்தால் ஈடுகட்டாது.

2021 ஜூலையில் கூலர் நிற்காமல் ஓட ஆரம்பித்தது. வந்த மெக்கானிக் பின்பக்கக் குழாயைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "கேஸ் குறஞ்சு போச்சு அக்கா, கொஞ்சம் போட்டுட்டா சரி" என்றார். கிரில்லைக் கழற்றவே இல்லை. கேஸ் போட்டார், நானும் காசு கொடுத்தேன். இரண்டு மூன்று நாள் நன்றாகத்தான் இருந்த மாதிரி தெரிந்தது. அப்புறம் ராத்திரியில் 'டிக்' என்ற சத்தம். கொஞ்ச நேரம் உறுமும், டிக், அமைதி. சில நிமிஷம் கழித்து மறுபடி அதே. நவம்பரில் ஒரு காலை உறுமல்கூட இல்லை.

கம்பிரசரைக் கழற்றி எடுத்த வேறொரு மெக்கானிக்தான் கிரில்லைத் திறந்து காட்டினார். காயிலின் முகத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு கம்பளித் துண்டு. நகத்தால் கிள்ளினேன், ஒரு விரல் அகலத்துக்குப் பாயாக உரிந்து வந்தது. கேஸ் குறையவே இல்லை என்றார் அவர். சூட்டை வெளியே விட முடியாததால்தான் ஓடிக்கொண்டே இருந்திருக்கிறது. அதற்கு மேலும் கேஸ் ஏற்றியதால் அழுத்தம் இன்னும் கூடியிருக்கிறது.

அவர் விளக்கியது இது. காயில் அடைத்தால் உள்ளே கேஸ் குளிர்ந்து திரவமாவதற்கு இன்னும் அதிக சூடும் அழுத்தமும் தேவைப்படும். அந்தச் சூடு ஒரு டிகிரி ஏறினாலே மொத்தமாகச் செலவாகும் கரண்ட் சுமார் 2 முதல் 3 சதவீதம் ஏறும். பத்து டிகிரி என்றால் நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். கம்பிரசர் இழுப்பதும் கூடும், குளிராக்கும் திறன் குறைவதால் ஓடும் நேரமும் நீளும், இரண்டு பக்கமும் நஷ்டம். கம்பிரசரின் மோட்டார் மூடிய இரும்புக் கூட்டுக்குள் இருக்கிறது, திரும்பி வரும் கேஸ்தான் அதைக் குளிர்விக்கிறது. சூடு ஏற ஏற எண்ணெய் மெலிந்து கருகும், மோட்டார் சுற்றுக்கம்பியின் பூச்சு உடையும். நான் கேட்ட டிக் சத்தம், ஓவர்லோட் பாதுகாப்பு அதை அணைத்த சத்தம். நான்கு மாதமாக அது எச்சரித்துக்கொண்டே இருந்திருக்கிறது.

கேஸ் குறைவா, தூசியா என்று கையாலேயே ஓரளவு கண்டுபிடிக்கலாம். கேஸ் குறைந்தால் கண்டென்சர் வெதுவெதுப்பாகத்தான் இருக்கும், உள்ளே குளிர் காயிலில் ஒரு ஓரம் மட்டும் பனி பிடிக்கும். அடைப்பு என்றால் கண்டென்சரே தொட முடியாத அளவுக்குச் சுடும். விசிறி நின்றுபோனாலும் இப்படித்தான் சுடும், அதனால் அது சுற்றுகிறதா என்றும் பாருங்கள். முதலில் வந்தவர் இதையெல்லாம் பார்த்திருந்தால் எனக்கு ஒரு கம்பிரசர் மிச்சம்.

இப்போது இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை நானே சுத்தம் செய்கிறேன். பிளக்கைக் கழற்றுவது முதல் வேலை. பிறகு கிரில்லின் நான்கு ஸ்க்ரூவையும் எடுத்து, காயிலின் பின்னாலிருந்து டார்ச் அடித்துப் பார்ப்பேன். வெளிச்சம் முன்னால் வராத இடம்தான் அடைத்த இடம். இரண்டு அங்குல பெயின்ட் பிரஷ்ஷால் தகடு போகும் திசையிலேயே, மேலிருந்து கீழாக, முகத்தில் ஒட்டியதை வழித்து எடுப்பேன். குறுக்கே தேய்த்தால் தகடு மடங்கிவிடும், கம்பி பிரஷ் வேண்டவே வேண்டாம். மடங்கியதை ஈர்க்கால் மெதுவாக நிமிர்த்தலாம். ஒரு தடவை டயர் கடைக் காற்றுக் குழாயைக் கொண்டுவந்து முன்னாலிருந்து ஊதினோம், தூசி இன்னும் உள்ளே போய் இறுகியதுதான் மிச்சம். ஊதுவதானால் பின்னாலிருந்து முன்னுக்குத்தான்.

எண்ணெய்ப் பிசுக்குக்கு பிரஷ் மட்டும் போதாது. விசிறி மோட்டாரையும் வயர்ப் பெட்டியையும் பொலித்தீனால் கட்டிவிட்டு, வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்சம் பாத்திரம் கழுவும் திரவத்தைக் கலந்து தெளித்து, கால் மணி நேரம் ஊறவிட்டு, நல்ல தண்ணீரைத் தெளித்து வடியவிடுவேன். கோஸ்டிக் சோடா கலந்த கிளீனர்கள் அலுமினியத்தைத் தின்றுவிடும். காய்வதற்கு எங்கள் ஊர் மூடுபனியில் அரை நாள் ஆகிவிடுகிறது, அவசரப்பட்டு பிளக்கைக் குத்த வேண்டாம். இந்த வேலைக்கு மட்டுமல்ல, எப்போது அணைத்தாலும் ஐந்து நிமிஷமாவது விட்டே மறுபடி போட வேண்டும். உள் அழுத்தம் சமமாகுமுன் போட்டால் மோட்டார் கிளம்பத் திணறும்.

இந்தப் பிப்ரவரியில் ஒரு ஆசையில் பிளக்கில் மாட்டும் வாட் மீட்டர் வாங்கி அளந்தேன். மூன்று மாதம் வேண்டுமென்றே துடைக்காமல் விட்டிருந்தேன். ஒரு செவ்வாய்க்கிழமை 5.0 யூனிட். துடைத்துவிட்டு அடுத்த செவ்வாய், அதே அளவு சரக்கோடு, 3.5 யூனிட். ஓடும்போது இழுத்த வாட் 310இலிருந்து 275க்கு வந்தது, மணிக்கு 38 நிமிஷம் ஓடியது 28 ஆனது. மாதத்துக்கு 45 யூனிட் மிச்சம். இது மோசமாக அடைத்திருந்த கூலரின் கணக்கு. லேசாகத் தூசி படிந்த பெட்டியில் இவ்வளவு வித்தியாசம் வராது.

வீட்டு பிரிட்ஜைப் பற்றியும் ஒரு வார்த்தை. பின்னால் கறுப்புக் கம்பி வலை இருந்தால் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை பிரஷ் போதும். பக்கச் சுவர் சுடுகிற புது மாடல்களில் கண்டென்சர் தகட்டுக்குள்ளேயே இருக்கிறது, துடைக்க எதுவும் இல்லை. சுவரிலிருந்து நான்கு அங்குலம் தள்ளி வைத்து, பக்கத்தில் அரிசி மூட்டையைச் சாய்க்காமல் இருந்தால் சரி. வீட்டு மீட்டரில் 60, 90, 120 யூனிட் என்று படி வேறு இருக்கிறது. எல்லையில் நிற்கும் வீட்டில் பத்து யூனிட் கூடினாலும் அடுத்த படிக்குப் போய், நிலையான கட்டணமும் சேர்ந்தே ஏறும்.

அந்தப் பழைய கம்பிரசரை இரும்புக்குப் போட்டோம். புதியதுக்கு கேஸ், கூலி எல்லாம் சேர்த்து ஐம்பதாயிரத்தைத் தாண்டியது. பெயின்ட் பிரஷ் இப்போது கல்லாப் பெட்டிக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்குகிறது, வருகிறவர்கள் யாராவது எதற்கு என்று கேட்டால் கிரில்லைக் கழற்றிக் காட்டிவிடுகிறேன்.