‘இந்த மெசேஜ் நீக்கப்பட்டது’: அந்த ஒற்றை வரியை எவ்வளவு தூரம் நம்பலாம்?

வாட்ஸ்அப்பில் அனுப்பியதை எல்லாருக்குமாக அழிக்கும் வசதி 2017 இறுதியில் வந்தது. அன்றிலிருந்து பயன்படுத்துகிறேன். இரண்டு மூன்று குழுக்களுக்கு அட்மினாகவும் இருப்பதால், நான் அழித்ததைவிட மற்றவர்கள் அழித்ததைப் பற்றிப் பஞ்சாயத்து கேட்டதுதான் அதிகம். “அண்ணே, என்னமோ போட்டுட்டு அழிச்சிருக்கான், என்னவா இருக்கும்?” என்று தனியாக மெசேஜ் வராத மாதம் கிடையாது. அந்த வரியிலிருந்து எதைச் சொல்ல முடியும், எதைச் சொல்லவே முடியாது என்று இத்தனை வருடப் புழக்கத்தில் பிடிபட்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில், அழிக்கும்போது உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்தால் பாதிக் குழப்பம் போய்விடும். அனுப்பிய மெசேஜ் ஏற்கெனவே உங்கள் போனில் வந்து உட்கார்ந்திருக்கிறது. அனுப்பியவர் அழிக்கும்போது, ‘அந்த மெசேஜை எடுத்துவிடு’ என்று இன்னொரு சின்ன மெசேஜ் சத்தமில்லாமல் உங்கள் போனுக்கு வருகிறது. உங்கள் செயலி அதைப் படித்து, பழைய மெசேஜ் இருந்த இடத்திலேயே இந்த வரியை வைக்கிறது. உங்கள் போன் அணைந்திருந்தாலோ நெட் இல்லாமலிருந்தாலோ அந்த இரண்டாவது மெசேஜும் வந்து சேராது. அதுவரை பழையது உங்களிடம் அப்படியே இருக்கும். அழிப்பு சரியாக நடக்காமல் போனாலும் அனுப்பியவருக்கு அறிவிப்பு எதுவும் வராது என்று வாட்ஸ்அப்பே தன் உதவிப் பக்கத்தில் சொல்கிறது.

இதிலிருந்து கிடைக்கும் முதல் விஷயம்தான் பலரும் தவறவிடுவது. அந்த வரிக்குப் பக்கத்தில் இருக்கும் நேரம், மெசேஜ் அனுப்பிய நேரம். அழித்த நேரம் அல்ல. அழித்த நேரம் திரையில் எங்குமே இல்லை. வரி பழைய இடத்திலேயே நிற்பதால் ‘8:04க்கு அழித்தார்’ என்று கண் தானாகப் படித்துவிடுகிறது. நான் பார்த்த சண்டைகளில் முக்கால்வாசி இந்த ஒரு இடத்தில்தான் ஆரம்பித்தது.

ஒரு உதாரணம் சொல்கிறேன். பழைய நண்பர்கள் சேர்ந்து ஒரு சுற்றுலாவுக்குப் பணம் வசூலித்த குழு அது. கணக்கைப் பார்த்துக்கொண்டவரை எல்லாரும் அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம். மறுநாள் காலை 7 மணிக்கு ஒருவன் குழுவைத் திறக்கிறான். அவன் கண்ணில் பட்டது இது: இரவு 8:04க்கு அண்ணன் பெயரில் ஒரு நீக்கப்பட்ட வரி. 8:05க்கு இன்னொன்று. 8:06க்கு அண்ணன், “பணம் கட்டினவங்க பேரு மேல இருக்கு, பாத்துக்குங்க.” 8:31க்கு ஒரு தங்கை, “அண்ணா, என் பேரு ரெண்டு தடவ வந்திருக்கு.” 8:52க்கு அண்ணனிடமிருந்து ஒரு பட்டியல் படம். அவ்வளவுதான். அவன் உடனே எனக்கு எழுதினான்: “போட்ட ஒரு நிமிஷத்துல ரெண்டையும் அழிச்சிருக்காரு, அப்புறம் வேற கணக்கப் போட்டிருக்காரு. பாத்தீங்களா?”

பார்த்தேன். அந்தத் தங்கை 8:31க்கு எழுதியது, 8:04 மெசேஜைப் பிடித்து இழுத்துப் போட்ட பதில். அப்படிப் பதில் போடும்போது மூல மெசேஜின் ஒரு நகல் அந்தப் பதிலுக்குள்ளேயே போய்விடும். மூலத்தை அழித்தாலும் பதிலுக்குள் இருக்கும் நகல் போவதில்லை. அங்கே ஒரு படத்தின் குட்டி உருவம் தெரிந்தது. எழுத்துகளைப் படிக்க முடியாது, ஆனால் வரிசையாகப் பெயர்கள் இருக்கும் பட்டியல் என்று தெரிகிற அளவு. ஆக, முதல் வரி ஒரு படம், அதுவும் ஒரு பட்டியல், அது 8:31க்கு அந்தத் தங்கையின் போனில் இருந்தது. ‘ஒரு நிமிஷத்தில் அழித்தார்’ என்பது இங்கேயே கிட்டத்தட்ட அடிபட்டுப் போகிறது.

ஏன் ‘கிட்டத்தட்ட’ என்கிறேன் என்றால், தங்கையின் போன் அந்த நேரத்தில் நெட் இல்லாமல் இருந்திருந்தால், அண்ணன் அழித்த பிறகும் படம் அவளிடம் இருந்திருக்கும். அவள் பதில் எழுதியிருக்கவும் முடியும். பதில் காட்டுவது அவள் போனின் நிலையை மட்டும்தான். அவளைக் கேட்டால், அன்று மாலை முழுக்க நெட் இருந்தது என்றாள். அதனால் நமக்குக் கிடைப்பது ஒரு இடைவெளி: இரவு 8:31க்கும் காலை 7க்கும் நடுவில் எப்போதோ அழிக்கப்பட்டிருக்கிறது. இதற்கு மேல் நெருக்க வேண்டுமென்றால், நடுவில் குழுவைத் திறந்த வேறு யாராவது ‘ஒன்பது மணிக்குக்கூட இருந்ததே’ என்று சொன்னால்தான் உண்டு. திரை சொல்லாது.

8:52 படத்தில் தங்கை பெயர் ஒரு தடவைதான் இருந்தது. அவள் சொன்னதும் திருத்திப் புதுப் படம் போட்டு, குழப்பம் வேண்டாம் என்று பழையதை எடுத்திருக்கிறார் என்பது கச்சிதமாகப் பொருந்துகிறது. ஆனால் பொருந்துவது வேறு, நிரூபணம் வேறு. அந்த ஒரு பெயரைத் தவிர வேறு எண் எதுவும் மாறியதா என்று இதை வைத்துச் சொல்லவே முடியாது. 8:05 வரியைப் பற்றி அதுகூடத் தெரியாது. அதற்கு யாரும் பதில் போடவில்லை. அதே படம் இரண்டு தடவை போயிருக்கலாம், வேறு குழுவுக்குப் போக வேண்டியது இங்கே வந்திருக்கலாம். அது எழுத்தா, குரல் பதிவா, படமா என்றுகூட வரி காட்டாது. ஒரு எழுத்தாக இருந்தாலும் ஒரு பக்கமாக இருந்தாலும் வரி ஒன்றுதான். எத்தனை மெசேஜ் போனதோ அத்தனை வரி, அந்த எண்ணிக்கையை மட்டும் நம்பலாம்.

கடைசியில் அண்ணனிடமே கேட்டோம். பழைய படம் அவர் கேலரியில் இருந்தது, திரும்ப அனுப்பினார், இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். பெயர் மட்டும்தான் மாறியிருந்தது. 8:05 என்னவென்று அவருக்கே ஞாபகம் இல்லை. அதை அப்படியே விட்டுவிட்டோம்.

யார் அழித்தார் என்பதில் ஒரு சின்ன எச்சரிக்கை. 2022லிருந்து குழு அட்மினும் மற்றவர் மெசேஜை எல்லாருக்குமாக நீக்கலாம். அப்போது வரி மாறும். அட்மின் நீக்கினார் என்று பெயரோடு சொல்லும். அட்மின் பேச்சே இல்லாமல் மொட்டையாக இருந்தால் அனுப்பியவரே எடுத்தது. அவசரத்தில் பார்ப்பவர்கள் இந்த வித்தியாசத்தைக் கவனிக்காமல், நான் நீக்கிய விளம்பரத்துக்கு அதைப் போட்டவரிடம் போய் ‘ஏன் அழிச்சீங்க’ என்று கேட்டிருக்கிறார்கள்.

காலக்கெடுவும் கொஞ்சம் உதவும். ஆரம்பத்தில் அனுப்பி 7 நிமிடத்துக்குள்தான் அழிக்க முடியும். 2018ல் அது ஒரு மணி நேரத்துக்கு மேல் நீண்டது. 2022 ஆகஸ்டிலிருந்து இரண்டு நாளுக்குச் சற்று அதிகம். அதனால் ஒரு வாரம் முன்பு அனுப்பியதை நேற்று நடந்த சண்டைக்காக அழித்தார் என்று யாராவது சொன்னால் அது பெரும்பாலும் நடந்திருக்காது. அனுப்பிய இரண்டு மூன்று நாளுக்குள்ளேயே போயிருக்கும். 2023ல் வந்த திருத்தும் வசதி இன்னொரு மாற்றம். அனுப்பி 15 நிமிடத்துக்குள் எழுத்துப்பிழையைத் திருத்திவிடலாம் என்பதால், அது தெரிந்தவர்கள் ஒரு எழுத்துக்காக முழு மெசேஜையும் அழிப்பது குறைந்திருக்கிறது. ஆனால் நம் ஆட்களில் பாதிப் பேருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. ஆகவே ‘பிழை என்றால் திருத்தியிருப்பாரே, எதற்கு அழித்தார்’ என்ற வாதத்தை நான் ஏற்பதில்லை.

வரி இல்லை என்பதாலும் ஒன்றும் நிரூபணமாகாது. அந்த வரியையே அழுத்திப் பிடித்து உங்கள் போனிலிருந்து தூக்கிவிடலாம். எனவே ஒருவர் அனுப்பும் ஸ்கிரீன்ஷாட்டில் நீக்கப்பட்ட வரி இல்லையென்றால், அங்கே எதுவும் அழிக்கப்படவில்லை என்று அர்த்தமில்லை. மறையும் மெசேஜ் வசதி போட்டிருந்தால், கெடு முடிந்ததும் மெசேஜ் வரியே விடாமல் போய்விடும். டெலிகிராமில் இரு பக்கமும் அழித்தால் சுவடே இருக்காது. சிக்னல் செயலியில் வரி இருக்கும், ஆனால் அங்கே அழிப்பதற்கான கெடு 24 மணி நேரம். ஒரு செயலியில் பழகிய கண்ணோடு இன்னொன்றைப் படித்தால் தப்பாகப் போகும். வாட்ஸ்அப்பிலேயே சில சமயம் ‘இந்த மெசேஜுக்காகக் காத்திருக்கிறது’ என்று ஒரு வரி வரும். அது அழிப்பு அல்ல, மெசேஜ் பூட்டப்பட்டே வருகிறது, அந்தப் பூட்டைத் திறக்கும் சாவி இன்னும் வந்து சேரவில்லை. அனுப்பியவர் போனைத் திறந்ததும் பெரும்பாலும் சரியாகிவிடும்.

போனது என்னவென்று பார்க்க வழி இருக்கிறதா என்று கேட்பார்கள். ஆண்ட்ராய்டு 11லிருந்து அறிவிப்பு வரலாறு என்று ஒன்று செட்டிங்ஸில் இருக்கிறது. முன்கூட்டியே ஆன் செய்திருந்தால், கடைசி 24 மணி நேரத்தில் வந்த அறிவிப்புகளின் எழுத்தைக் காட்டும். மெசேஜ் வந்தபோது அந்த உரையாடலைத் திறந்து வைத்திருந்தால் அறிவிப்பே வந்திருக்காது, அங்கேயும் ஒன்றும் இருக்காது. நீளமான மெசேஜ் முழுதாகக் கிடைக்காமல் போகலாம். படமென்றால் படம் வந்தது என்பதோடு சரி. நான் அதை ஆன் செய்துதான் வைத்திருக்கிறேன், ஆனால் தவறித் தள்ளிவிட்ட அறிவிப்புகளைத் தேடத்தான் அது அதிகம் பயன்பட்டது. அழித்த மெசேஜைக் காட்டுகிறோம் என்று கூவி விற்கும் செயலிகள் பொதுவாகச் செய்வதும் அறிவிப்புகளைப் படித்துச் சேமிப்பதுதான். அதற்கு எல்லா அறிவிப்பையும் படிக்க அனுமதி கேட்கும். பல போன்களில் வங்கியின் ஓடிபியும் அதில் அடக்கம். ஒரு தடவை எட்டிப் பார்ப்பதற்காக அந்த அனுமதியை நான் யாருக்கும் கொடுத்ததில்லை, கேட்டவர்களுக்கும் வேண்டாம் என்றே சொல்லி வருகிறேன்.