பழைய ஃப்ரிட்ஜ் விற்பவர்களுக்கு: வாசலில் வைத்து விலையை உடைக்கும் ஒரு ஏமாற்று

ஆவடிப் பக்கம் ஒரு வீட்டில் நடந்தது இது. 2018 ஜனவரியில் 27,500 ரூபாய்க்கு வாங்கிய இரட்டைக் கதவு ஃப்ரிட்ஜ், சுமார் 250 லிட்டர், ஃப்ராஸ்ட் ஃப்ரீ. ஏழு வருடம் ஒழுங்காக ஓடியிருக்கிறது. மகன் வீட்டுக்குக் குடிபோகும் அந்த அம்மா 16,000 ரூபாய் என்று விளம்பரம் போட்டார். மூன்று வாரம் ஒரு போன்கூட வரவில்லை. வீடு காலி செய்ய நான்கு நாள் இருக்கும்போது ஒருவர் கூப்பிட்டார். ஃப்ரிட்ஜைப் பார்க்காமலேயே 11,000 தருவதாகச் சொல்லி, "விளம்பரத்தை எடுத்துடுங்கம்மா, சாயங்காலம் பசங்கள அனுப்புறேன்" என்றார். அம்மாவும் எடுத்துவிட்டார்.

இரவு ஏழரை மணிக்குக் குட்டி யானை வண்டியோடு இரண்டு பேர் வந்தார்கள். ஓடிக்கொண்டிருந்த ஃப்ரிட்ஜின் பிளக்கைப் பிடுங்கி, கொஞ்சம் முன்னால் இழுத்து, பின்பக்கம் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "ஒருவாட்டி போட்டுப் பார்த்துடலாம்மா" என்று மறுபடி சொருகினார்கள். உள்ளே விளக்கு எரிந்தது. பின்னால் சில விநாடி 'ம்ம்ம்' என்று ஒரு முனகல், ஒரு 'டிக்', அப்புறம் சத்தமே இல்லை. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி அதே முனகல், அதே 'டிக்'. "கம்ப்ரஸர் போயிடுச்சும்மா. மாத்தவே ஏழாயிரம் ஆகும். வண்டி வாடகை வேற போட்டு வந்துட்டோம்" என்று தொடங்கி, 3,500 ரூபாயைக் கையில் கொடுத்து ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள்.

கம்ப்ரஸர் போகவில்லை. ஓடுகிற ஃப்ரிட்ஜை நிறுத்தி ஒரு நிமிடத்துக்குள் போட்டால் பழைய வகைக் கம்ப்ரஸர் பெரும்பாலும் அப்படித்தான் செய்யும். ஓடும்போது கம்ப்ரஸரின் ஒரு பக்கம் வாயு அதிக அழுத்தத்தில் இருக்கும், மறுபக்கம் குறைந்த அழுத்தத்தில் இருக்கும். இரண்டுக்கும் நடுவே இருப்பது நூல் கனத்துக்குத் துளையுள்ள கேப்பில்லரி குழாய். நிறுத்தியபின் இரு பக்க அழுத்தமும் அதன் வழியாகத்தான் மெதுவாகச் சமமாக வேண்டும், அதற்கு மூன்று முதல் ஐந்து நிமிடம் ஆகும். அதற்குள் கரண்ட் கொடுத்தால் அந்த அழுத்தத்தை எதிர்த்து மோட்டார் சுழல முடியாமல் முனகும். கூடுதல் கரண்ட் இழுக்கும்போது பக்கத்தில் இருக்கும் ஓவர்லோட் என்ற சின்னக் கறுப்பு வில்லை சூடாகி இணைப்பைத் துண்டிக்கும். அந்த 'டிக்' அதுதான். ஓவர்லோட் ஆறியதும் மறுபடி முயலும். ஃப்ரிட்ஜ் ஸ்டெபிலைசர்கள் கரண்ட் வந்தபின் சில நிமிடம் தாமதித்துக் கொடுப்பதும் இதற்காகத்தான். இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு இது தெரியாமல் இருக்க வாய்ப்பே இல்லை.

இன்வெர்ட்டர் கம்ப்ரஸர் உள்ள ஃப்ரிட்ஜில் முனகலும் கேட்காது. அதன் போர்டே சில நிமிடம் காத்திருந்துதான் ஓட்டும். "சுத்தமா செத்துடுச்சு" என்று சொல்ல அது இன்னும் வசதி. ஃப்ராஸ்ட் ஃப்ரீ மாடல்களில் உறைந்த பனியை உருக்க, சில மணி நேரத்துக்கு ஒருமுறை கம்ப்ரஸரும் ஃபேனும் நின்று ஹீட்டர் மட்டும் இருபது முப்பது நிமிடம் ஓடும். வந்தவர் அந்த நேரம் பார்த்துக் காதை வைத்துவிட்டு "ஓடலையே" என்பதும் உண்டு.

இதற்கு எளிய பதில் இருக்கிறது. வாங்குபவர் வரும்போது ஃப்ரிட்ஜ் குறைந்தது 24 மணி நேரமாக ஓடிக்கொண்டிருக்கட்டும். ஃப்ரீசரில் ஒரு கிண்ணம் தண்ணீர் கல்லாக உறைந்திருக்கட்டும், கீழ்ப் பகுதியில் ஒரு தெர்மாமீட்டர் 3 முதல் 5 டிகிரி காட்டட்டும். விலை முடிந்து பணம் வரும்வரை பிளக்கில் யாரும் கை வைக்கக் கூடாது. பிடுங்கிவிட்டார்கள் என்றால் கடிகாரத்தைக் காட்டி, பத்து நிமிடம் கழித்துத்தான் போட வேண்டும் என்று சொல்லுங்கள். காத்திருக்க மாட்டேன் என்பவருக்கு விற்க வேண்டாம்.

ஆனாலும் அந்த அம்மாவைச் சிக்க வைத்தது முதலில் போட்ட 16,000 தான். கேட்பாரில்லாத விலையில் மூன்று வாரம் கிடந்ததால்தான் கடைசி நான்கு நாளில் பதற்றம் வந்தது. வியாபாரிகள் அப்படி நாள்பட்டுக் கிடக்கும் விளம்பரங்களாகப் பார்த்துத்தான் கூப்பிடுகிறார்கள்.

பழைய பில்லில் இருக்கும் தொகையிலிருந்து கணக்கைத் தொடங்கக் கூடாது. 2018 ஜூலை வரை ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின் இரண்டுக்கும் ஜிஎஸ்டி 28 சதவீதம், அதன்பின்தான் 18 ஆனது. அந்த 27,500-இல் இருக்கும் கூடுதல் வரியை உங்களிடம் வாங்குகிறவர் ஏன் தர வேண்டும்? அவர் ஒப்பிடுவது இன்று கடையில் இருக்கும் அதே அளவுப் புது ஃப்ரிட்ஜோடு. அந்த வாரம் அது 26,000. எனவே தொடக்கம் 26,000.

நன்றாக ஓடுகிற, பில் உள்ள ஃப்ரிட்ஜுக்கு நாங்கள் வைக்கும் தோராயக் கணக்கு இது. மூன்று வருடமானால் இன்றைய புது விலையில் பாதி. ஐந்து வருடமானால் 35 முதல் 40 சதவீதம். ஏழெட்டு வருடமானால் 25 முதல் 30. பத்தைத் தாண்டினால் சதவீதக் கணக்கே வேண்டாம், எக்ஸ்சேஞ்சில் என்ன கிடைக்குமோ அதற்குக் கொஞ்சம் மேலே. ஊருக்கு ஊர், சீசனுக்கு சீசன் இது மாறும். சென்னையில் மார்ச், ஏப்ரலில் ஃப்ரிட்ஜ் சீக்கிரம் போகும், மழைக்காலத்தில் இழுக்கும்.

ஆவடி ஃப்ரிட்ஜுக்கு 28 சதவீதம் வைத்தால் 7,280. கீழ்க் கதவின் ரப்பர் கேஸ்கெட் ஒரு மூலையில் கிழிந்திருந்தது. ஒரு தாளைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுத்தால் தடையில்லாமல் வந்துவிடும், அந்த அளவு. மாற்ற 900 ஆகும் என்று கழித்தால் 6,380. கூடவே தரும் ஸ்டெபிலைசருக்கு 800 சேர்த்தால் 7,180. விளம்பரத்தில் 8,000 போட்டு, 6,500-க்குக் கீழே இறங்குவதில்லை என்று மனதில் வைத்துக்கொண்டிருந்தால் சரியாக இருந்திருக்கும். கேட்டது அதைப்போல் இரண்டு மடங்கு, கிடைத்தது அதில் பாதிக்கும் கீழே.

வாங்குபவர் பக்கத்திலிருந்தும் ஒருமுறை கூட்டிப் பார்க்க வேண்டும். 7,000 கொடுத்து, ஆள்கூலியும் வண்டியும் 1,800 என்றால் அவருக்கு 8,800, புதிதின் விலையில் மூன்றில் ஒரு பங்கு. யோசிக்காமல் வருவார். 16,000 கேட்டால் அவருக்கு 17,800. இன்னும் 8,200 போட்டால் வாரண்டியோடு புதிது, அதுவும் தவணையில். மாடி வீடு, லிஃப்ட் இல்லை என்றால் கூலி இன்னும் ஏறும், அதையும் உங்கள் விலையில்தான் கழிப்பார். கரண்ட் செலவையும் இப்போது பலர் கேட்கிறார்கள். கதவில் ஒட்டியிருக்கும் நட்சத்திர லேபிளில் வருடாந்திர யூனிட்டும் லேபிள் ஆண்டும் இருக்கும். அளவுகோலை அவ்வப்போது இறுக்கிக்கொண்டே வந்திருப்பதால், பழைய லேபிளின் மூன்று நட்சத்திரம் இன்றைய மூன்று நட்சத்திரம் ஆகாது. "4 ஸ்டார்" என்று விளம்பரத்தில் எழுதி விலையை ஏற்றுவதைவிட லேபிளைப் படமெடுத்துப் போடுவதே நல்லது.

மற்றவர்கள் என்ன விலை போட்டிருக்கிறார்கள் என்று பார்த்து அதையே போடுவதில்தான் பெரும்பாலோர் தவறுகிறார்கள். தளத்தில் தெரிவது கேட்கும் விலை, விற்ற விலை அல்ல. 15,000-க்கு இரண்டு மாதமாக நிற்கும் விளம்பரம், அந்த விலைக்குப் போகாது என்பதற்குத்தான் சாட்சி. உங்கள் ஊரில் அதே அளவு, அதே வயதுள்ள பத்து விளம்பரங்களைக் குறித்து வைத்துப் பத்து நாள் கழித்துப் பாருங்கள். காணாமல் போனவற்றின் விலைக்குக் கொஞ்சம் கீழேதான் சந்தை இருக்கிறது.

கடை எக்ஸ்சேஞ்ச் விலையை அடிமட்டமாக வைத்துக்கொள்ளலாம், ஆனால் அதிலும் ஒரு சூது உண்டு. "பழசுக்கு 4,000 தர்றோம்" என்றால், எக்ஸ்சேஞ்ச் இல்லாமல் கடைசி விலை என்ன என்று கேளுங்கள். அப்போதே 2,500 குறைத்தால் உங்கள் ஃப்ரிட்ஜுக்கு உண்மையில் தருவது 1,500 தான்.

வாஷிங் மெஷினுக்கும் இதே கணக்குதான், ஆனால் ஃப்ரண்ட் லோடு மட்டும் வேகமாக இறங்கும். காலி டிரம்மின் மேல் விளிம்பை உள்ளிருந்து பிடித்து மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். வெளித்தொட்டியோடு சேர்ந்து ஸ்பிரிங்கில் ஆடினால் சரி, டிரம் மட்டும் தனியாகத் தட்டினால் பேரிங் போயிருக்கிறது. ஸ்பின்னில் விமானம் ஏறுவதுபோல் இரைச்சலும் வரும். தொட்டியைப் பிரிக்க முடியாதபடி ஒட்டி வைத்த மாடல்களில் பேரிங்குக்காக முழுத் தொட்டியையே மாற்ற வேண்டியிருப்பதால், அப்படியொரு மெஷினுக்கு எக்ஸ்சேஞ்ச் விலைக்கு மேல் கேட்பதில் பயனில்லை. இதிலும் ஒரு வாசல் வித்தை உண்டு. ஒரே ஒரு கனமான போர்வையை நனைத்துப் போட்டு ஸ்பின் வைப்பார்கள். எடை ஒரு பக்கமாகச் சாய்ந்து மெஷின் குதிக்கும், "ஷாக் அப்சார்பர் போச்சு" என்பார்கள். சமதளத்தில் நிறுத்தி, நாலைந்து சட்டைகளோடு ஓடும் ஸ்பின்னைச் சத்தத்தோடு வீடியோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

கேட்ட விலையை ஒரு ரூபாய்கூடக் குறைக்காமல் ஒத்துக்கொள்பவரிடம் கூடுதல் எச்சரிக்கை வேண்டும். பழைய சாமானுக்குப் பேரம் பேசாமல் இருப்பவர் சாமானை வாங்க வரவில்லை. ராணுவத்தில் இருக்கிறேன், முன்பணம் அனுப்புகிறேன் என்று ஒரு கியூஆர் படம் அனுப்பி, ஸ்கேன் செய்து யுபிஐ பின்னைப் போடச் சொல்வார். பணம் வாங்குவதற்கு யுபிஐ பின் நம்பரே தேவையில்லை, அதைப் போட்டால் உங்கள் கணக்கிலிருந்துதான் பணம் போகும். போய்விட்டால் உடனே 1930-க்குக் கூப்பிடுங்கள், cybercrime.gov.in தளத்திலும் புகார் பதியுங்கள்.

அந்த ஃப்ரிட்ஜுக்கு விளம்பரம் இப்படிப் போட்டிருக்கலாம்: "250 லிட்டர், இரட்டைக் கதவு, 2018 ஜனவரி, பில் உண்டு. தினமும் ஓடுகிறது, ஓடும்போதே வந்து பார்க்கலாம். கீழ்க் கதவு கேஸ்கெட் ஒரு மூலை கிழிசல், விலையில் கழித்தாயிற்று. ஸ்டெபிலைசர் சேர்த்து 8,000. முதல் மாடி, லிஃப்ட் இல்லை. பகலில் மட்டும் வரவும். முழுப் பணம் வந்தபின்தான் பிளக்கை எடுப்போம்."